இருபது நாடுகள், ஒரே டாலர்: பேனல் யூனிட் ரூட் சோதனை எங்கே ஏமாற்றுகிறது

கேள்வி: டாலருக்கு எதிராக 20 நாடுகளின் உண்மை மாற்று விகிதம், 1974 முதல் 2023 வரை ஆண்டுத் தரவு வைத்திருக்கிறேன். நாடு நாடாக ஏடிஎஃப், அதாவது விரிவாக்கிய டிக்கி–ஃபுல்லர் சோதனை போட்டால், இரண்டு மூன்று நாடுகளைத் தவிர எதிலும் யூனிட் ரூட்டை, அதாவது தொடர் சராசரிக்குத் திரும்பாமல் அலைகிறது என்பதை, நிராகரிக்க முடியவில்லை. இருபதையும் சேர்த்துப் பேனலாகப் போட்டால் லெவின்–லின்–சூ, இம்–பெசரான்–ஷின் இரண்டிலுமே p மதிப்பு 0.000. நாடுகளுக்கிடையே சார்பு இருக்கிறதா பார் என்றார் வழிகாட்டி; சிடி சோதனையும் 0.000. ஆண்டுச் சராசரியைக் கழித்துவிட்டு மறுபடி போட்டேன், இன்னும் பலமாக நிராகரிக்கிறது. சிஐபிஎஸ் சோதனையும் நிராகரிக்கிறது. அப்படியானால் உண்மை மாற்று விகிதம் தன் சராசரிக்குத் திரும்புகிறது, அதாவது வாங்குதிறன் சமநிலை நிற்கிறது என்று எழுதலாமா?

பதில்:

எழுத வேண்டாம். உங்கள் முதல் இரண்டு சோதனைகள் தந்த p மதிப்பை நம்ப முடியாது. பின்னால் போட்ட இரண்டும் நம்பத்தக்கவைதான், ஆனால் அவை பதில் சொல்வது நீங்கள் கேட்ட கேள்விக்கு அல்ல. இரண்டாவது சிக்கலைப் பலர் கவனிப்பதே இல்லை. சார்பைச் சரிசெய்தாயிற்று என்ற நிம்மதியிலேயே கட்டுரையை அனுப்பிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி அனுப்பி, கட்டுரையை மதிப்பிடும் அறிக்கையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சார்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உலகமயம், எண்ணெய் விலை என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. அது உங்கள் தரவின் வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மடக்கை எடுத்த உண்மை மாற்று விகிதம் இப்படி இருக்கும்:

```
q_it = s_it + p_us,t - p_it
```

s என்பது ஒரு டாலருக்கு எத்தனை உள்நாட்டுப் பணம், p விலைமட்டம். அமெரிக்க விலைமட்டம் இருபது தொடரிலும் அப்படியே இருக்கிறது. டாலரின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் இருபது s-உம் சேர்ந்தே ஆடும். இதைச் சுருக்கி, அமெரிக்காவுக்கு உரிய ஒரு பகுதி d, அந்தந்த நாட்டுக்கு உரிய பகுதி a என்று வைத்து q_it = d_t - a_it என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நாட்டு அதிர்ச்சிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை, எல்லாவற்றுக்கும் ஒரே மாறுபாடு என்றே வைத்துக்கொண்டாலும், எந்த இரண்டு நாட்டு q-வை எடுத்தாலும் ஒட்டுறவு 0.5 வந்துவிடும். இரண்டு பங்கு மாறுபாட்டில் ஒரு பங்கு பொது. அவ்வளவுதான் கணக்கு. பக்கத்து நாடுகள், ஒரே வர்த்தகக் கூட்டமைப்பு என்பதெல்லாம் இதற்கு மேல் சேர்வது.

வரைபடம் போட்டால் கண்ணிலேயே தெரியும். 1980-இல் ஏறத் தொடங்கிய டாலர் 1985 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தான அந்த ஆண்டிலிருந்து மடமடவென்று இறங்கியது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன் என்று எந்த நாட்டுக் கோட்டை எடுத்தாலும் அதே மேடு. ஒரு தொடர் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தால், சராசரிக்குத் திரும்பும் குணம் அதற்கு இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. உங்கள் பேனல் அந்த ஒரு சான்றை இருபது முறை எண்ணுகிறது. ஒரே மழையை இருபது வீட்டு வாசலில் அளந்துவிட்டு, இருபது மழை பெய்தது என்று குறித்துக்கொள்வது போல.

இது p மதிப்பை எவ்வளவு கெடுக்கிறது என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இம்–பெசரான்–ஷின் சோதனை செய்வது எளிமையானது. ஒவ்வொரு நாட்டுக்கும் டிக்கி–ஃபுல்லர் டி மதிப்பை எடுத்து, இருபதையும் சராசரி போடுகிறது. யூனிட் ரூட் இருக்கும்போது, மாறிலி சேர்த்த டி மதிப்பின் எதிர்பார்ப்பு சுமார் -1.53, மாறுபாடு 0.7-க்குப் பக்கம். இருபது டி மதிப்புகளும் சார்பற்றவை என்றால் சராசரியின் மாறுபாடு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். அதை நம்பித்தான் தரப்படுத்திய சராசரிக்கு -1.645 என்ற எல்லையில் 5 விழுக்காடு என்கிறோம்.

சார்பு இருந்தால் அந்த மாறுபாடு 1 + (N - 1)r மடங்கு பெருகும். r என்பது டி மதிப்புகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவு. அதிர்ச்சிகளின் ஒட்டுறவு அல்ல, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடரின் குறியை மாற்றிப் போட்டாலும் டி மதிப்பு மாறாது என்பதால், r அதிர்ச்சி ஒட்டுறவின் வர்க்கத்தைத் தாண்டாது. நம் கதையில் அது 0.25-க்குள் இருக்கும். கொஞ்சம் தாராளமாகவே 0.2 என்று வைப்போம். 1 + 19 × 0.2 = 4.8, அதன் வர்க்கமூலம் 2.19. நீங்கள் -1.645 என்று நினைக்கும் எல்லை உண்மையில் -1.645 / 2.19 = -0.75. இயல்நிலைப் பரவலில் அதற்குக் கீழே விழும் வாய்ப்பு சுமார் 23 விழுக்காடு. யூனிட் ரூட் எல்லா நாட்டிலும் இருந்தாலும், கிட்டத்தட்ட நான்கு முறைக்கு ஒரு முறை நிராகரிப்பீர்கள்.

சரி, நாடுகளைக் கூட்டினால் சரியாகிவிடுமா? இன்னும் கெடும். 64 நாடு போட்டால் பெருக்கம் 13.6, எல்லை -0.45, தவறான நிராகரிப்பு 33 விழுக்காட்டுக்குப் பக்கம். இதையே வேறு விதமாகப் பாருங்கள். 20 நாடு 4.8-ஆல் வகுபட்டு நான்கு நாட்டுக்குச் சற்று மேலான தகவல்தான் தருகிறது. 64 நாடு 4.7 நாட்டுத் தகவல் தருகிறது. எத்தனை நூறு நாடு சேர்த்தாலும் 1/0.2, அதாவது ஐந்தைத் தாண்டாது. சோதனை மட்டும் 64 என்று நினைத்துக்கொண்டு வகுக்கிறது. 1998-இல் பால் ஓ’கானெல் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டியபோது, 5 விழுக்காடு என்று சொல்லிக்கொள்ளும் பேனல் சோதனைகளின் உண்மையான அளவு 50 விழுக்காடு வரைகூடப் போகலாம் என்று காட்டினார். தொண்ணூறுகளில் வாங்குதிறன் சமநிலைக்கு ஆதரவாகக் குவிந்த பேனல் முடிவுகளில் பலவும் அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு உள்ளாயின.

மேலே போட்டது தோராயக் கணக்கு. நேராகப் பார்க்க ஆர்-இல் ஒரு நிமிட வேலை:

```r
set.seed(1); N <- 20; TT <- 50
dft <- function(y) {
  x <- y[-length(y)]; dy <- diff(y)
  summary(lm(dy ~ x))$coefficients[2, 3]
}
one <- function(k) {
  d <- k * rnorm(TT)
  mean(replicate(N, dft(cumsum(d - rnorm(TT)))))
}
b0 <- replicate(2000, one(0))   # k = 0: சார்பு இல்லை
b1 <- replicate(2000, one(1))   # k = 1: ஒட்டுறவு 0.5
mean(b1 < quantile(b0, 0.05))
```

எல்லாத் தொடரும் யூனிட் ரூட் உள்ளவை. கடைசி வரி 0.05-ஐத் தர வேண்டும், தராது. அதன் பல மடங்கு வரும். b0, b1 இரண்டின் சராசரியையும் பாருங்கள், அநேகமாக ஒன்றாகவே இருக்கும். பரவல்தான் விரிந்திருக்கும். அதனால் ஒரே ஒரு தரவை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. சராசரி டி மதிப்பு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விழுந்திருக்கும், மென்பொருள் மூன்று பூச்சியம் காட்டும், கதை முடிந்தது.

சிடி சோதனை பற்றி ஒரு வார்த்தை. அதன் p மதிப்பு 0.000 என்பது உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. அது சோடி ஒட்டுறவுகளைக் கூட்டி sqrt(2T/(N(N-1)))-ஆல் பெருக்குகிறது. 20 நாடு, வேறுபாடு எடுத்த பின் 49 ஆண்டு. சராசரி ஒட்டுறவு 0.02-ஐச் சற்றே தாண்டினாலே 1.96-ஐத் தொட்டுவிடும். 0.02 சார்பு யாருக்கும் கெடுதல் செய்யாது, 0.5 சார்பு கட்டுரையையே கவிழ்க்கும். இரண்டுக்கும் நட்சத்திரம் விழும். ஆகவே p மதிப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாட்டு ஏடிஎஃப் எச்சங்களின் சராசரி ஒட்டுறவு எவ்வளவு என்று பாருங்கள். அதைக் கட்டுரையில் எண்ணாகவே எழுதுங்கள். அதோடு, ஆண்டுச் சராசரியைக் கழித்த தரவில் சிடி போட வேண்டாம். கழித்தல் வேலையே சராசரி ஒட்டுறவை -1/19-க்குப் பக்கத்தில் தள்ளிவிடும். நாடுகள் முழுக்கச் சார்பற்றவையாக இருந்தாலும் சிடி -5 காட்டும். அதைப் பார்த்து இன்னும் சார்பு போகவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஆண்டுச் சராசரியைக் கழித்தீர்கள். கழித்த பிறகு கையில் இருப்பது என்ன? இரண்டு நாட்டு q-வை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் டாலரும் அமெரிக்க விலைமட்டமும் அடிபட்டு, அந்த இரண்டு நாட்டுக்கு இடையேயான உண்மை மாற்று விகிதம் மிஞ்சும். இருபது நாட்டுச் சராசரியைக் கழிப்பது என்றால், இந்தக் கழித்தலை எல்லா நாட்டோடும் செய்து சராசரி எடுப்பதுதான். ஜெர்மனியின் வரிசையில் இப்போது இருப்பது ஜெர்மனிக்கும் மற்ற 19 நாடுகளுக்கும் இடையேயான விகிதங்களின் சராசரி. டாலர் அங்கே இல்லவே இல்லை. இது தோராயமல்ல, துல்லியமான இயற்கணிதம். டாலருக்கு எதிராக வாங்குதிறன் சமநிலை நிற்கிறதா என்று கேட்டுவிட்டு, டாலரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுச் சோதித்திருக்கிறீர்கள்.

இன்னும் பலமாக நிராகரித்தது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். உங்கள் இருபதில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் அதிகம் இருக்கும், இந்த மாதிரிப் பேனல்களில் எப்போதும் அப்படித்தான். அவற்றில் பல 1979-இலிருந்து ஐரோப்பிய நாணய அமைப்பின் கட்டுக்குள் இருந்தன. 1999 ஜனவரி முதல் யூரோ நாடுகளுக்கு டாலர் விகிதமே ஒன்றுதான், விலைமட்ட வேறுபாடு மட்டும்தான் அவற்றைப் பிரிக்கிறது. தங்களுக்குள் அவை சேர்ந்து நகர்வதில் வியப்பில்லை. நீங்கள் கண்டுபிடித்தது அதைத்தான்.

சிஐபிஎஸ்-உம் இதே குழியில் விழும். எங்கள் வட்டாரத்தில் சிப்ஸ் என்றே சொல்வோம். பெசரான் 2007-இல் கொடுத்த இந்தச் சோதனை, ஒவ்வொரு நாட்டு டிக்கி–ஃபுல்லர் சமன்பாட்டிலும் முந்தைய ஆண்டின் குறுக்குச் சராசரியையும் சராசரியின் மாற்றத்தையும் கூடுதல் மாறிகளாகச் சேர்க்கிறது. அந்த இரண்டும் பொதுக் காரணியின் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. மிச்சத்தில் டி மதிப்பை எடுத்துச் சராசரி போட்டு, அவரே தந்த தனி எல்லை மதிப்புகளோடு ஒப்பிடுகிறோம். நாட்டுக்கு நாடு பொதுக் காரணியின் தாக்கம் வேறுபடலாம் என்பதை இது அனுமதிக்கிறது. வெறுமனே சராசரியைக் கழிப்பதைவிட அந்த வகையில் மேல்.

ஆனால் அதன் மாதிரியில் பொதுக் காரணி அதிர்ச்சியாக மட்டும்தான் உள்ளே வருகிறது. அந்த அதிர்ச்சி ஒரு நாட்டுத் தொடரில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அந்த நாட்டின் சொந்தக் கெழுவே தீர்மானிக்கிறது. அதாவது பொதுப் பகுதியும் தனிப் பகுதியும் ஒரே மாதிரி, யூனிட் ரூட் இருந்தால் இரண்டிலும் இருக்கும், இல்லையென்றால் இரண்டிலும் இருக்காது என்று மாதிரியே முன்கூட்டி முடிவுசெய்துவிட்டது. நிஜத்தில் டாலர் பகுதி யூனிட் ரூட்டோடு அலைகிறது, நாடுகளின் சொந்தப் பகுதிகள் நிலைத்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இருபது q-வுமே நிலையற்றவை. இருந்தும் சராசரியின் மாறிகள் டாலரை உறிஞ்சிக்கொண்டபின் மிச்சம் நிலைத்ததாகவே இருக்கும். சிப்ஸ் கம்பீரமாக நிராகரிக்கும். அந்த நிராகரிப்பை வாங்குதிறன் சமநிலைக்கு ஆதரவாகப் படித்தால் முழுத் தவறு.

அப்புறம் என்ன செய்வது? இரண்டு பகுதிகளையும் பிரித்து, தனித்தனியாகச் சோதிப்பது. பாய்–இங் இருவரும் 2004-இல் கொடுத்த வழி அதுதான், பேனிக் என்று பெயர். முதலில் வேறுபாடு எடுத்து, அதில் முதன்மைக் கூறுகளைக் கண்டு, பிறகு கூட்டிக்கொண்டே போய் மட்டங்களைத் திரும்பக் கட்டுகிறார்கள். வேறுபாடு எடுத்துச் செய்வதன் பயன் என்னவென்றால், எந்தப் பகுதியில் யூனிட் ரூட் இருந்தாலும் பிரிப்பு சரியாகவே நடக்கும்.

```r
# q: 50 வரிசை (ஆண்டு), 20 நெடுவரிசை (நாடு)
dq <- scale(diff(q), center = FALSE)
v  <- eigen(crossprod(dq))$vectors[, 1, drop = FALSE]
f  <- cumsum(dq %*% v)                       # பொதுக் காரணி
u  <- apply(dq - dq %*% v %*% t(v), 2, cumsum)  # தனிப் பகுதிகள்
```

`center = FALSE` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஆர் தானாகவே சராசரியைக் கழித்துவிடும், அது காலப்போக்கு உள்ள மாதிரிக்கான வழி. அங்கே தனிப் பகுதிகளுக்கு வேறு எல்லை மதிப்புகள் வேண்டும். வாங்குதிறன் சமநிலைக்குக் காலப்போக்கு சேர்க்கக் கூடாது என்பதால் நமக்கு இதுவே சரி. இதன்பின் f-க்கு மாறிலியோடு ஏடிஎஃப், u-வின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மாறிலி இல்லாமல் ஏடிஎஃப். u-வின் இருபது p மதிப்புகளையும் மடக்கை எடுத்துக் கூட்டி -2-ஆல் பெருக்கினால் 40 விடுதலைக் கூறுள்ள கை-வர்க்கம். பொதுக் காரணி வெளியேறிவிட்டதால் இப்போது அந்தக் கூட்டலுக்கு உரிமை உண்டு.

ஒரு காரணி போதுமா என்று கேட்பீர்கள். ஒட்டுறவு அணியின் ஐகன் மதிப்புகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாச் சோடிக்கும் 0.5 என்றால் முதலாவது 10.5, மற்றவை எல்லாம் 0.5. அதாவது ஒன்று பாதிக்கு மேல் விழுங்கிவிடும், மிச்சம் தட்டையாக இருக்கும். உங்கள் தரவில் இரண்டாவதும் தனியே உயர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன், அது ஐரோப்பா. அப்போது இரண்டு காரணி எடுக்க வேண்டும். காரணிகளின் எண்ணிக்கையைத் தேர்வளவைகளிடம் விட்டுவிட்டால், 20 நாடு போன்ற சிறிய பேனலில் நீங்கள் கொடுத்த உச்ச எண்ணையே அவை பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஒன்று, இரண்டு இரண்டுக்குமே முடிவைக் கொடுங்கள்.

யூரோ நாடுகளை என்ன செய்வது என்பதில் நான் கொஞ்சம் கறார். ஒன்பது யூரோ நாடு இருந்தால், 1999-க்குப் பிறகான 25 ஆண்டுக்கு அவை ஏறக்குறைய ஒன்பது பிரதிகள். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு 12 தொடர்களோடு ஒரு முறையும், 1998-இல் தரவை நிறுத்தி இருபது தொடர்களோடு ஒரு முறையும் போடுங்கள். முதலாவதில் நாடு குறைகிறது, இரண்டாவதில் ஆண்டு பாதியாகிறது. இரண்டும் நட்டம்தான், ஆனால் இருபது என்று எண்ணிக்கை காட்டுவதைவிட நேர்மையான நட்டம்.

இன்னொரு வழியும் உண்டு. பொது, தனி என்று பிரிக்காமல், q-வையே சோதிக்க வேண்டும், p மதிப்பு மட்டும் சரியாக வர வேண்டும் என்றால் பூட்ஸ்ட்ராப். யூனிட் ரூட் இருப்பதாக வைத்து எச்சங்களை எடுத்து, மறுபடி மறுபடி கலைத்துக் கட்டி, சராசரி டி மதிப்பின் பரவலை அங்கிருந்தே பெறுவது. கலைக்கும்போது ஒரு ஆண்டின் வரிசையை இருபது நாட்டோடும் முழுசாக எடுக்க வேண்டும். தொடர் ஒட்டுறவு மிச்சம் இருந்தால் அடுத்தடுத்த சில ஆண்டுகளைத் தொகுதியாக எடுக்க வேண்டும். நாடு நாடாகத் தனியே கலைத்தால் சார்பு கரைந்துபோய், ஆரம்பத்தில் இருந்த அதே தப்பான எல்லை மதிப்பு திரும்பக் கிடைக்கும். அந்தத் தப்பை ஆய்வேடுகளில் பார்த்திருக்கிறேன், குறிமுறையில் ஒரு சுழற்சி இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். சரியாகச் செய்தால் உங்கள் 0.000 அநேகமாக எங்கோ 0.1, 0.2 பக்கம் போய் நிற்கும் என்பது என் ஊகம். போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பேனிக் முடிவு எப்படி வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். u பகுதியில் யூனிட் ரூட் நிராகரிக்கப்படும், f-இல் நிராகரிக்க முடியாது. அப்படி வந்தால் f-இல் யூனிட் ரூட் இருக்கிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள். f என்பது 49 புள்ளி உள்ள ஒற்றைத் தொடர். பேனலின் பலம் அதற்குக் கொஞ்சமும் கிடைக்காது. உண்மை மாற்று விகிதத்தின் விலகல் பாதியாகக் குறைய மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு ஆகும் என்பது 1996-இல் ரோகாஃப் தொகுத்துச் சொன்ன கணக்கு. நான்கு ஆண்டு என்று எடுத்தால் ஆண்டுக் கெழு 0.84. கெழு உண்மையிலேயே 0.84-ஆக இருந்து, தொடர் நிலைத்ததாகவே இருந்தாலும், 50 ஆண்டுத் தரவில் மாறிலியோடு டிக்கி–ஃபுல்லர் போட்டால் ஐந்து முறைக்கு ஒரு முறை அளவில்தான் யூனிட் ரூட்டை நிராகரிக்கும். மற்ற நான்கு முறையும் கைவிரிக்கும். சராசரியை வேறு விதமாக நீக்கிச் சோதிக்கும் டிஎஃப்–ஜிஎல்எஸ் கொஞ்சம் மேல், அதையும் சேர்த்துப் போடுங்கள். ஆனால் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

கவனித்தீர்களா, சுற்றி வந்து நிற்பது ஆரம்பித்த இடத்தில்தான். ஒற்றைத் தொடரில் பலம் போதவில்லை என்றுதான் எல்லோரும் பேனலுக்குப் போனார்கள். டாலர் பகுதிக்கு வந்தால் மறுபடியும் ஒற்றைத் தொடர். நாடுகள் தனிப் பகுதிகளுக்குத்தான் பலம் சேர்க்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அறிக்கையாளர் கட்டாயம் கேட்பார். இம்–பெசரான்–ஷின், சிப்ஸ், கூட்டிய p மதிப்பு எதுவானாலும், நிராகரிப்பு என்றால் எல்லா நாட்டிலும் யூனிட் ரூட் என்ற கருதுகோள் விழுந்தது என்று மட்டுமே பொருள். எல்லா நாடும் நிலைத்தவை என்று பொருள் இல்லை. நன்றாகத் திரும்பி வரும் ஒன்றிரண்டு நாடு போதும், மொத்தப் பேனலையும் நிராகரிப்புப் பக்கம் இழுத்துவிட. உங்கள் தனி ஏடிஎஃப் முடிவுகளில் அந்த இரண்டு மூன்று நாடு எவை என்று பார்த்து, அவற்றை எடுத்துவிட்டு ஒரு முறை போடுங்கள்.

ஆகக் கட்டுரையில் எழுதக்கூடியது இப்படி இருக்கும். இந்த நாடுகள் ஒன்றுக்கொன்று விலகிப் போகாமல் திரும்பி வருகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. அவற்றின் பொதுவான டாலர் பகுதி நிலைத்ததா என்பதை 50 ஆண்டுத் தரவு தீர்மானிக்கப் போதவில்லை. சராசரி ஒட்டுறவு இவ்வளவு, முதல் ஐகன் மதிப்பின் பங்கு இவ்வளவு. சார்பைக் கணக்கில் எடுக்காத முதல் தலைமுறைச் சோதனைகளின் அட்டவணையைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டு, பூட்ஸ்ட்ராப் p மதிப்பை அதன் பக்கத்திலேயே ஒரு நெடுவரிசையாகப் போடுங்கள்.

டாலர் பகுதி பற்றி இதற்கு மேலும் சொல்ல ஆசைப்பட்டால் 21-ஆவது நாட்டைத் தேட வேண்டாம், 51-ஆவது ஆண்டைத் தேடுங்கள், பின்னோக்கி. லோதியனும் டெய்லரும் 1996-இல் டாலர்–பவுண்டு, பிராங்க்–பவுண்டு விகிதங்களுக்கு இரண்டு நூற்றாண்டுத் தரவைத் திரட்டி, பேனல் எதுவும் இல்லாமலே யூனிட் ரூட்டை நிராகரித்தார்கள். அதற்கும் விலை உண்டு. தங்கத்தோடு கட்டிய காலம், பிரெட்டன் உட்ஸ் காலம், மிதக்கவிட்ட காலம் எல்லாம் ஒரே கெழுவுக்குள் அடங்கிவிடும். 1974-க்குப் பிறகான மிதக்கும் காலத்தைப் பற்றித்தான் உங்கள் ஆய்வு என்றால், அந்த நூற்றாண்டுகள் உங்களுக்கு எவ்வளவு உதவும் என்று வழிகாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள்.